லிட்ரேச்சர் ரிவியூ அட்டவணை: 'கண்டறிந்தவை' நெடுவரிசையில் ஒன்றுக்கொன்று முரணாகவே வருகிறது, எங்கே தவறு?

கயல்_செவிலி
எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி நர்சிங் இறுதி ஆண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கொடுக்கும் ஹார்மோன் சிகிச்சை மாரடைப்பைத் தடுக்குமா என்பதுதான் என் ரிவியூ தலைப்பு. ஆசிரியர், ஆண்டு, நோக்கம், முறை, மாதிரி, கண்டறிந்தவை என்று அட்டவணை போட்டு, ஒவ்வொரு கட்டுரையின் சுருக்கத்தையும் படித்து நிரப்பிக்கொண்டே வந்தேன். இருபத்தாறு வரிசை ஆகிவிட்டது. கைடு பார்த்துவிட்டு "இது பட்டியல், ரிவியூ இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கு மேல் விளக்கம் இல்லை.

மேலிருந்து கீழே படித்தால் எனக்கே குழப்பமாகத்தான் இருக்கிறது. ஒரு வரிசையில் "ஹார்மோன் சிகிச்சை இதயநோயைக் குறைக்கிறது" என்று இருக்கிறது, அடுத்ததில் "வேறுபாடு இல்லை", அதற்கடுத்து "ஆபத்தை அதிகரிக்கிறது". மூன்றும் பெரிய இதழ்களில் வந்தவை. நோக்கம் நெடுவரிசையில் கிட்டத்தட்ட எல்லாக் கட்டத்திலும் "ஹார்மோன் சிகிச்சையின் விளைவை அறிதல்" என்றே எழுதியிருக்கிறேன், அதுவும் ஒரு காரணமோ என்று இப்போது தோன்றுகிறது. அட்டவணைக்குக் கீழே "டபிள்யூ.எச்.ஐ ஆய்வுகளில் மட்டும் மொத்தம் 71,302 பெண்கள்" என்று ஒரு வரியும் சேர்த்திருந்தேன், அதைச் சுற்றி சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார். யாராவது வழி சொல்லுங்கள்.

வேலு_தட்டச்சு
கயல், எனக்கும் இதே தலைவலி வந்தது. பக்கத்தை லேண்ட்ஸ்கேப் ஆக்குங்கள், நோக்கம் நெடுவரிசையைச் சுருக்கிவிட்டுக் கண்டறிந்தவைக்கு அகலம் கொடுங்கள். இருபத்தாறு வரிசை என்றால் நான்கைந்து பக்கம் ஓடும், இரண்டாம் பக்கத்திலிருந்து எந்த நெடுவரிசை எது என்றே தெரியாது. வேர்டில் தலைப்பு வரிசையைத் தேர்ந்தெடுத்து `Repeat Header Rows` அழுத்தினால் ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு வந்துவிடும். குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

கயல்_செவிலி
நன்றி வேலு அண்ணா, அதைச் செய்துவிடுகிறேன். ஆனால் என் குழப்பம் உள்ளே எழுதியிருப்பதில்தான்.

மணிமேகலை
கயல், முறைசார் மீளாய்வுகளுக்குத் தரவு எடுக்கும் வேலையைப் பல வருடமாகச் செய்கிறேன். உங்கள் கைடு சொன்னது சரி, ஆனால் காரணத்தையும் சொல்லியிருக்கலாம். அட்டவணையை நீங்கள் குறுக்காக நிரப்பியிருக்கிறீர்கள்: ஒரு கட்டுரையை எடுத்து, அதன் சுருக்கத்தை நான்கு துண்டாக வெட்டி, நான்கு கட்டத்தில் போட்டுவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போய்விட்டீர்கள். அட்டவணையின் பயன் நெடுக்காகப் படிக்கும்போதுதான் வரும். 'மாதிரி' நெடுவரிசையை மட்டும் மேலிருந்து கீழே படித்தாலே, யாரை யாரோடு ஒப்பிடலாம், யாரை ஒப்பிடவே கூடாது என்று தெரிய வேண்டும்.

உங்களைக் குழப்பும் மூன்றும் எவை என்று ஊகிக்க முடிகிறது. குறைக்கிறது என்பது 2000-ல் வந்த செவிலியர் நலத் தொடராய்வுக் கட்டுரை. வேறுபாடு இல்லை என்பது 1998-ன் ஹெர்ஸ் சோதனை. அதிகரிக்கிறது என்பது 2002-ன் டபிள்யூ.எச்.ஐ. சரியா? அப்படியானால் அந்த மூன்று வரிசையிலும் மாதிரிக் கட்டத்தில் என்ன எழுதினீர்கள் என்று இங்கே போடுங்கள்.

கயல்_செவிலி
மூன்றும் அவைதான் அக்கா! மாதிரிக் கட்டத்தில் முறையே "70,533 பெண்கள்", "2,763 பெண்கள்", "16,608 பெண்கள்". அவ்வளவுதான்.

சந்திரன்77
இதில் குழம்ப என்ன இருக்கிறது? மாதிரி எண்ணிக்கையைப் பாருங்கள். எழுபதாயிரம் பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒரு பக்கம், இரண்டாயிரத்துச் சொச்சம் ஒரு பக்கம். பெரிய மாதிரிக்குத்தான் எடை அதிகம். கண்டறிந்தவையில் அதை முதலில் எழுதிவிட்டு மற்றதை "சிறிய ஆய்வுகளில் வேறுபட்ட முடிவு" என்று குறித்துவிடுங்கள். நான் வணிக மேலாண்மையில் அப்படித்தான் செய்தேன், ஏற்றுக்கொண்டார்கள்.

மணிமேகலை
சந்திரன், எண்ணிக்கைக்கு எடை உண்டு என்பது சரி. ஹெர்ஸில் ஹார்மோன் குழுவில் 172 பேருக்கும் போலி மாத்திரைக் குழுவில் 176 பேருக்கும் மாரடைப்போ இதயநோய் மரணமோ நேர்ந்தது. ஆபத்து விகிதம் 0.99, நம்பக இடைவெளி 0.80 முதல் 1.22 வரை. அதாவது இருபது சதவீதம் நன்மையும் இருக்கலாம், இருபது சதவீதம் தீமையும் இருக்கலாம், இந்த ஆய்வை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பெரிய மாதிரி அந்த இடைவெளியைச் சுருக்கும். செவிலியர் ஆய்வில் விகிதம் 0.61, இடைவெளி 0.52 முதல் 0.71. நன்றாகச் சுருங்கியிருக்கிறது. ஆனால் ஒப்பீடே கோணலாக இருந்தால் எழுபதாயிரம் பேர் அந்தக் கோணலை நிமிர்த்தமாட்டார்கள். கோணலான எண்ணையே இன்னும் உறுதியாகச் சொல்ல வைப்பார்கள், அவ்வளவுதான்.

கோணல் இருக்கிறதா என்று பார்க்கும் இடம் 'முறை' நெடுவரிசை. கயல், அங்கே "கோஹார்ட்", "சமவாய்ப்புச் சோதனை" என்று ஒரு சொல்லோடு நிறுத்தாமல், மருந்து யாருக்குக் கிடைக்கும் என்பதை யார் முடிவு செய்தார்கள், எடுத்தார்களா என்பதை எப்படி அளந்தார்கள் என்று எழுதுங்கள். செவிலியர் ஆய்வில் அந்தப் பெண்களே மருத்துவரோடு பேசி எடுத்துக்கொண்டார்கள். அப்படித் தேடிப் போகிறவர் பொதுவாகவே உடம்பைப் பார்த்துக்கொள்கிறவராக இருப்பார். புகைப்பழக்கம், எடை எல்லாவற்றையும் கணக்கில் சரிசெய்தார்கள்தான், இருந்தாலும் அளக்காமல் விட்டதைச் சரிசெய்ய வழியில்லை. ஹெர்ஸிலும் டபிள்யூ.எச்.ஐ-யிலும் குலுக்கல்தான் முடிவு செய்தது.

அளந்த விதத்திலும் ஒன்று இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. செவிலியர் ஆய்வில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கேள்வித்தாள் அனுப்புவார்கள். ஒருவர் கேள்வித்தாள் அனுப்பிய மறுமாதம் மாத்திரை தொடங்கி, ஆறு மாதத்தில் மாரடைப்பு வந்தால், அவர் 'எடுக்காதவர்' கணக்கில் விழ வாய்ப்பு உண்டு. இப்போது ஹெர்ஸ் கட்டுரையைத் திரும்பப் பாருங்கள்: மொத்தத்தில் வேறுபாடு இல்லை என்றாலும் முதல் வருடத்தில் ஹார்மோன் குழுவில் நிகழ்வுகள் அதிகம், நான்காம் ஐந்தாம் வருடங்களில் குறைவு. ஆரம்ப மாதங்களில்தான் ஆபத்து கூடுதல் என்றால், அதே மாதங்களைத்தான் அந்தக் கேள்வித்தாள் தவறவிடக்கூடும். "கோஹார்ட்" என்று ஒற்றைச் சொல் எழுதிய கட்டத்திலிருந்து இது ஒருநாளும் வெளியே வராது.

கயல்_செவிலி
அக்கா, இதைப் படித்துவிட்டு மூன்று கட்டுரையையும் முழுதாகத் திறந்து உட்கார்ந்தேன். இதுவரை முறைப் பகுதியை நான் திறந்ததே இல்லை. மாதிரியை இப்படித் திருத்தியிருக்கிறேன், சரியா பாருங்கள்:

```
செவிலியர் ஆய்வு (2000): 70,533 பேர், மாதவிடாய் நின்றவர்கள்,
  தொடக்கத்தில் இதயநோய் இல்லை, 1976-1996
ஹெர்ஸ் (1998): 2,763 பேர், ஏற்கெனவே இதயநோய் உள்ளவர்கள்,
  சராசரி வயது 66.7, சராசரி 4.1 வருடம்
டபிள்யூ.எச்.ஐ (2002): 16,608 பேர், கருப்பை உள்ளவர்கள்,
  வயது 50-79, சராசரி 63, 5.2 வருடத்தில் நிறுத்தப்பட்டது
```

மூன்றும் ஒரே மக்களைப் பற்றியது அல்ல என்பது இப்போதுதான் கண்ணில் படுகிறது. ஹெர்ஸ், ஏற்கெனவே நோய் வந்தவருக்கு மறுபடி வராமல் தடுக்குமா என்று கேட்கிறது. டபிள்யூ.எச்.ஐ பெரும்பாலும் ஆரோக்கியமான பெண்களிடம், முதல் முறையே வராமல் தடுக்குமா என்று கேட்கிறது. அப்படியானால் நோக்கம் நெடுவரிசையில் "விளைவை அறிதல்" என்று எழுதியது தப்புதானே?

மணிமேகலை
தப்பு என்பதைவிடப் பயனில்லாதது. நோக்கத்தைக் கேள்வியாக எழுதிப் பாருங்கள்: யாருக்கு, எதைக் கொடுத்தால், எதோடு ஒப்பிட்டு, எது மாறுகிறது. இந்த நான்கில் ஒன்று விடுபட்டாலும் அந்த வரிசையை அடுத்த வரிசையோடு ஒப்பிட முடியாது. 'எது மாறுகிறது' என்பதில் ஆய்வாளர்கள் முதன்மையாக அளக்க நினைத்ததை எழுதுங்கள். ஏனென்றால் கண்டறிந்தவையில் முதலில் வர வேண்டியது அதன் விடை. முதன்மைக் கேள்விக்கு விடை சாதகமாக வராதபோது சுருக்கத்தின் கடைசி வரி வேறொரு கிளை முடிவைத் தூக்கிப் பிடிப்பது உண்டு. சுருக்கத்தை மட்டும் நம்பினால் உங்கள் அட்டவணையிலும் அது அப்படியே ஏறிவிடும். நோக்கக் கட்டத்தில் கேட்டதும் கடைசிக் கட்டத்தில் சொன்னதும் ஒன்றா என்று விரல் வைத்துப் பார்த்தால் பிடிபடும்.

அப்புறம் அந்த 71,302. எந்தெந்தக் கட்டுரைகளைக் கூட்டினீர்கள்?

கயல்_செவிலி
2002 கட்டுரை 16,608. 2003-ல் வந்தது 16,608. 2004-ல் வந்தது 10,739. 2007-ல் வந்தது 27,347. நான்கும் வேறு வேறு தலைப்பு, வேறு வேறு முதல் ஆசிரியர், அதனால் நான்கு வரிசை.

மணிமேகலை
2002-ம் 2003-ம் அதே பெண்கள். 2002-ல் சோதனையை நிறுத்தியதும் வந்த அறிக்கை முதலாவது, இதயநோயை மட்டும் எடுத்துச் சராசரி 5.6 வருடக் கண்காணிப்போடு எழுதிய இறுதி முடிவு இரண்டாவது. 2004 கட்டுரை நிஜமாகவே தனிச் சோதனை: கருப்பை அகற்றப்பட்டவர்கள், ஈஸ்ட்ரோஜன் மட்டும். 2007 என்பது இரண்டையும் ஒன்றாக வைத்து, வயது வாரியாகவும் மாதவிடாய் நின்று எத்தனை வருடம் ஆனது என்பது வாரியாகவும் பிரித்துப் பார்த்தது. 16,608-ஐயும் 10,739-ஐயும் கூட்டுங்கள்.

கயல்_செவிலி
27,347!! அப்படியானால் மொத்தப் பெண்களே அவ்வளவுதான். கருப்பை உள்ள அந்த 16,608 பேரை நான் மூன்று முறை எண்ணியிருக்கிறேன்.

மணிமேகலை
ஆமாம். ஒரு வரிசை என்பது ஒரு ஆய்வு. அதிலிருந்து எத்தனை கட்டுரை வந்தாலும் அந்த வரிசைக்குள்ளேயே உள்வரிகளாகப் போடுங்கள். இங்கே எண்கள் பொருந்தியதால் சுலபமாகப் பிடிபட்டது. எல்லா இடத்திலும் அப்படி அமையாது, ஒரு கட்டுரையில் சிலரை நீக்கியிருப்பார்கள், எண் மாறிவிடும். சோதனையின் பதிவு எண், ஆட்களைச் சேர்த்த காலம், மையங்களின் எண்ணிக்கை இந்த மூன்றையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். டபிள்யூ.எச்.ஐ-யில் 1993 முதல் 1998 வரை சேர்த்தார்கள், 40 மையங்கள். இரண்டு வரிசையில் இவை ஒன்றாக இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

இது எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஆன்டான்செட்ரான் என்ற வாந்தித் தடுப்பு மருந்தின் சோதனைகளை ஒரு குழு தோண்டிப் பார்த்து 1997-ல் எழுதியது. ஒரே நோயாளிகளின் தரவு மறைமுகமாகத் திரும்பத் திரும்ப வெளியாகியிருந்தது. அந்த இரட்டைப் பதிவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் மருந்தின் திறன் 23 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது.

இளவேனில்
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே அட்டவணைதான், ஆனால் என் ஆய்வுகள் எல்லாம் நேர்காணல் ஆய்வுகள். பக்கவாதம் வந்தவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினர் பற்றியது. மாதிரி 8 பேர், 14 பேர், 21 பேர் என்று இருக்கும். ஒரு தேர்வாளர் என் அட்டவணையைப் பார்த்துவிட்டு "எல்லாம் சின்ன மாதிரி, குறைபாடு என்று எழுது" என்றார். நானும் கண்ணை மூடிக்கொண்டு எல்லா வரிசையிலும் "சிறிய மாதிரி" என்று எழுதிவிட்டேன். இன்றுவரை அது உறுத்துகிறது.

மணிமேகலை
இளவேனில், எல்லா வரிசையிலும் ஒரே சொல் வந்தால் அந்தச் சொல் எந்த ஆய்வையும் இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டவில்லை என்று அர்த்தம், நீக்கிவிடலாம். நேர்காணல் ஆய்வில் எத்தனை பேர் என்பதைவிட எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், யார் விடுபட்டார்கள் என்பதே மாதிரிக் கட்டத்தில் இருக்க வேண்டியது. 14 பேரும் மனைவிமார்களா, மகன்களும் உண்டா? நோயாளி வீடு திரும்பி மூன்று மாதமா, மூன்று வருடமா? எல்லோரும் ஒரே ஆதரவுக் குழுவிலிருந்து வந்தவர்களா? அப்படியானால் குழுவுக்கு வரக்கூட நேரமில்லாதவர் குரல் அதில் இல்லை.

இளவேனில்
கடைசியாகக் கேட்டது அப்படியே பொருந்துகிறது. ஐந்து ஆய்வுகள் ஆதரவுக் குழு வழியாகத்தான் ஆள் சேர்த்திருக்கின்றன. அந்த ஐந்திலும் "பகிர்ந்துகொண்டால் பாரம் குறைகிறது" என்று ஒரு கருப்பொருள் வருகிறது. மற்றவற்றில் வரவே இல்லை. இதைத் தனித்தனியாகப் படித்தபோது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் கண்டறிந்தவையில் கருப்பொருள் பெயரை மட்டும் எழுதுவதா, பங்கேற்பாளர் சொன்ன ஒரு வாசகமும் சேர்ப்பதா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. வாசகத்தை எடுத்துவிட்டால் உயிர் போய்விடுகிறது, சேர்த்தால் கட்டம் நிரம்பி வழிகிறது.

மணிமேகலை
நான் சேர்ப்பதில்லை. ஆனால் என்னோடு வேலை செய்கிறவர்களில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் அட்டவணை மோசம் என்று சொல்லமாட்டேன்.

கணக்கர்_முருகு
கயல், கண்டறிந்தவை பற்றி ஒரு வார்த்தை. 2002 வரிசைக்கு "ஆபத்தை அதிகரிக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு அதிகரிக்கிறது என்பதை எழுதாமல் விடாதீர்கள். விகிதம் 1.29. இதைப் பார்த்தால் 29 சதவீதம் என்று பயமாக இருக்கும். அதே கட்டுரையில் வருடத்துக்குப் பத்தாயிரம் பெண்களில் 30 பேருக்கு வந்தது 37 ஆனது என்றும் இருக்கிறது, அதாவது கூடுதலாக ஏழு பேர். நோயாளியிடம் பேசப்போகும் செவிலியருக்கு இரண்டாவது எண்தான் உதவும். இரண்டையும் எழுதுங்கள்.

நம்பக இடைவெளியிலும் ஒரு சிக்கல் உண்டு. சுருக்கத்தில் 1.02 முதல் 1.63 என்று இருக்கும். கட்டுரை உள்ளே இன்னொன்று, 0.85 முதல் 1.97. இடையிடையே பலமுறை தரவைப் பார்த்ததற்கும் பல விளைவுகளை ஒரே நேரத்தில் அளந்ததற்கும் திருத்திய இடைவெளி அது. என் கருத்தில் திருத்தியதைத்தான் போட வேண்டும், அது 1-ஐத் தாண்டி இரு பக்கமும் போகிறது.

மணிமேகலை
முருகு, இதில் நான் வேறு பக்கம். இதயநோய்தான் அந்தச் சோதனையின் முதன்மை விளைவு, அதை மற்ற விளைவுகளோடு சேர்த்து ஒரே தராசில் இவ்வளவு கடுமையாகத் திருத்துவது தேவையா என்று கேட்கலாம். என் அட்டவணையில் இரண்டையும் போட்டு எது எது என்று ஒட்டுப்போடுவேன். கட்டாயம் ஒன்றுதான் என்றால் முதலாவது.

கணக்கர்_முருகு
சோதனையைப் பாதியில் நிறுத்தியவர்கள் பலமுறை எட்டிப் பார்த்துத்தான் நிறுத்தினார்கள் அக்கா. அதற்குரிய விலையைக் கணக்கில் கழிக்காமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டையும் போடலாம் என்பது வரை உடன்படுகிறேன்.

சந்திரன்77
நான் முன்பு சொன்ன "பெரிய மாதிரி" வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன், கோணல் விஷயம் எனக்குப் புரிந்தது. ஆனால் செவிலியர் ஆய்வை ஓரமாக வைக்கவும் மனம் வரவில்லை. அந்தப் பெண்கள் பெரும்பாலும் மாதவிடாய் நிற்கும் சமயத்திலேயே தொடங்கியிருப்பார்கள், டபிள்யூ.எச்.ஐ-யில் சராசரி வயதே 63. தேடிப் பார்த்தேன், 2007 கட்டுரையில் மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் இருந்தவர்களுக்கு விகிதம் 0.76. அப்படியானால் இரண்டும் முரணே இல்லை, வயதுதான் வேறு. கயல் அப்படி எழுதிவிடலாமே?

மணிமேகலை
நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள், ஆனால் அரை அடி முன்னே போய்விட்டீர்கள். அந்த 0.76-க்கு இடைவெளி 0.50 முதல் 1.16. இருபது வருடமும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 1.28, இடைவெளி 1.03 முதல் 1.58. போக்கு தெரிகிறது. ஆனால் அந்தப் போக்கு தாங்கள் முன்கூட்டி வைத்த அளவுகோலை எட்டவில்லை என்று ஆசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். கயல் கட்டத்தில் எழுத வேண்டியது அதுதான்: நெருங்கிய வருடங்களில் தொடங்கியவர்களுக்கு ஆபத்து குறையும் போக்கு, புள்ளியியல் அளவுகோலை எட்டவில்லை, இரண்டு சோதனைகளையும் சேர்த்துச் செய்த துணைப் பகுப்பாய்வு. வயதுதான் காரணம் என்பது உங்கள் விளக்கம். அதற்கு இடம் அட்டவணைக்குக் கீழே வரும் பத்தி. ஆய்வு சொன்னதையும் நாம் நினைப்பதையும் ஒரே கட்டத்தில் கலந்தால், ஆறு மாதம் கழித்து எது யாருடையது என்று நமக்கே தெரியாது.

சந்திரன்77
சரி, கலக்கக்கூடாது என்பதை ஏற்கிறேன். வயதுதான் காரணம் என்பதில் நான் இன்னும் உறுதியாகவே இருக்கிறேன்.

கயல்_செவிலி
இரண்டு நாளாக உட்கார்ந்து மாற்றினேன். இருபத்தாறு கட்டுரை இப்போது பத்தொன்பது ஆய்வாகிவிட்டது. டபிள்யூ.எச்.ஐ இரண்டே வரிசை, 2007 கட்டுரையை இரண்டுக்கும் அடியில் பொது உள்வரியாகப் போட்டிருக்கிறேன். வரிசைகளை ஆண்டுப்படி அடுக்குவதை விட்டுவிட்டு, நோய் ஏற்கெனவே உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று மாதிரிப்படி இரண்டாகப் பிரித்தேன். 2002 வரிசையின் கடைசிக் கட்டம் இது:

```
முதன்மை விளைவு (மாரடைப்பு / இதயநோய் மரணம்):
விகிதம் 1.29; இடைவெளி 1.02-1.63, திருத்தியது 0.85-1.97
10,000 பேருக்கு ஆண்டுக்கு 37, எதிர் 30
ஹார்மோன் குழுவில் 42% பேர் இடையில் மாத்திரையை நிறுத்தினர்
```

கடைசி வரியை முறையில் போடுவதா, மாதிரியில் போடுவதா, இங்கேயே விடுவதா என்று தெரியவில்லை. குலுக்கலில் எந்தக் குழுவோ அந்தக் குழுவிலேயே வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள், ஆனால் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் நிறுத்தியது அந்த 1.29-ஐப் படிக்கும் விதத்தை மாற்றுகிறதே, அதனால்தான் எண்ணின் பக்கத்தில் வைத்தேன்.

மணிமேகலை
அங்கேயே இருக்கட்டும். போலி மாத்திரைக் குழுவில் நிறுத்தியவர்கள் 38 சதவீதம், அதையும் பக்கத்தில் போடுங்கள். ஹெர்ஸ் வரிசையிலும் இதே வரி வேண்டும்: மூன்றாம் வருட முடிவில் ஹார்மோன் குழுவில் 75 சதவீதம் பேர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் 'நிறுத்தியவர்', இன்னொன்றில் 'எடுத்துக்கொண்டிருந்தவர்', அளந்த நேரமும் வேறு. ஒன்றை மற்றதாக மாற்றி எழுதாமல் அவரவர் சொன்னபடியே விடுங்கள்.

கயல்_செவிலி
சேர்த்துவிட்டேன் அக்கா. செவிலியர் ஆய்வு வரிசையில் இந்த இடம் காலியாக இருக்கிறது, கேள்வித்தாள் பகுதியை மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன்.